பணம் வந்த ஆண்டில்தான் லாபம்: அமெரிக்க நில விற்பனையில் தவணை முறைக் கணக்கு

சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளர்களின் வருமான வரிப் படிவங்களைத் தயாரிக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் முதல் பருவத்திலேயே ஒரு ஃபைல் உங்கள் மேசைக்கு வரும். வாடிக்கையாளர் ஒரு நிலத்தை விற்றிருப்பார். வாங்கியவர் கொஞ்சம் முன்பணம் கொடுத்துவிட்டு, மீதியை வருடா வருடம் தருவதாகப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருப்பார். பி.காம். படித்தவர் கை தானாக முழு லாபத்தையும் விற்ற ஆண்டிலேயே போடப் போகும். நம் ஊரில் பழகியது அதுதானே? இங்கே நிலம் கைமாறிய ஆண்டிலேயே மூலதன ஆதாயம் முழுவதற்கும் வரி வந்துவிடும், பணம் இன்னும் கைக்கு வரவில்லை என்றாலும். நாம் படித்த ஏஎஸ் 9 கணக்கியல் தரமும் தவணையில் விற்ற பொருளின் விலையை (வட்டி நீங்கலாக) விற்ற தேதியிலேயே வருவாயாகக் காட்டச் சொல்கிறது.

அமெரிக்க வரிச் சட்டத்தின் 453-ஆவது பிரிவு வேறு வழியில் போகிறது. விலையில் ஒரு பகுதியாவது விற்ற ஆண்டுக்குப் பிறகு வசூலாகும் என்றால் லாபத்தை ஒத்திவைக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு பணம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டும் லாபத்தைக் காட்ட வேண்டும். இதற்குத் தனியாக அனுமதி கேட்கத் தேவையில்லை, வாடிக்கையாளர் வேண்டாம் என்று விலகாத வரை இதுதான் முறை. இதற்கான படிவம் ஃபார்ம் 6252.

பாடப் புத்தகத்தில் இதே முறையை மரச்சாமான் கடை, குளிர்சாதனப் பெட்டிக் கடை உதாரணங்களோடு படித்திருப்பீர்கள். அதை அப்படியே வேலைக்குக் கொண்டுவந்தால் தடுமாறுவீர்கள். கணக்குப் புத்தகங்களில் இந்த முறைக்கு 1966-லேயே கடிவாளம் போட்டுவிட்டார்கள்: வசூலாகும் என்று நியாயமான நம்பிக்கை இல்லாதபோது மட்டும் பயன்படுத்தலாம் என்றது அமெரிக்கக் கணக்கியல் வாரியம். பிறகு 2014-ல் வெளியான புதிய வருவாய்த் தரம் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. வரியிலோ, பொருள் விற்பதையே தொழிலாகக் கொண்ட வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை 1987 சட்டத்தோடு போய்விட்டது. விவசாயச் சொத்து போன்ற சில விலக்குகளே மிச்சம். ஆக, மரச்சாமான் கடைக்காரர் இன்று இதைத் தொட முடியாது. முதலீடாக வைத்திருந்த காலி மனையை விற்பவர் தொடலாம். அவருடைய ஃபைலைத்தான் இங்கே பிரிக்கப் போகிறோம்.

முதலில்: இந்த விற்பனை உள்ளே வருமா?

ஃபைலைத் திறந்ததும் நான்கு விஷயங்களைப் பாருங்கள். விற்றவர் மனை வியாபாரியா? நஷ்டத்தில் விற்றாரா? விற்றது பங்குச் சந்தையில் வியாபாரமாகும் பங்கா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் தவணை முறை கிடையாது. நான்காவது, விற்ற சொத்தில் தேய்மானம் கழித்திருக்கிறார்களா என்பது. இயந்திரம் மாதிரியான சொத்தில் முன்பு கழித்த தேய்மானம் சாதாரண வருமானமாகத் திரும்பி வரும். அந்தப் பகுதியை ஒத்திவைக்க முடியாது. ஒரு டாலர்கூட வசூலாகாவிட்டாலும் விற்ற ஆண்டிலேயே காட்டியாக வேண்டும். காலி மனைக்குத் தேய்மானம் கிடையாது என்பதால் நம் ஃபைலில் அந்தத் தலைவலி இல்லை.

நம் ஃபைல்

டெக்சஸில் ஒருவர் காலி மனை ஒன்றை முதலீடாக வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். (டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, கற்றுக்கொள்ள வசதியான இடம்.) 80,000 டாலருக்கு வாங்கி, பாதை போட 4,000 செலவழித்திருக்கிறார். ஆக, அடக்கம் 84,000. 2022 டிசம்பர் 30 அன்று 2,00,000 டாலருக்கு விற்கிறார். தரகும் வக்கீல் செலவும் 12,000. மனை மேல் 40,000 டாலர் அடமானக் கடன் இருக்கிறது. அதை வாங்கியவரே ஏற்றுக்கொள்கிறார். முன்பணம் 40,000. மீதி 1,20,000-ஐ 2023 முதல் 2026 வரை ஒவ்வொரு டிசம்பர் 30-லும் 30,000 வீதம், 6 சதவீத வட்டியோடு தர வேண்டும்.

மொத்த லாபம்தான் முதல் கணக்கு. விற்பனைச் செலவை அடக்கத்தோடு கூட்டுங்கள்: 84,000 + 12,000 = 96,000. தரகைத் தனிச் செலவாக எங்கேயும் கழிக்கக் கூடாது, அது இங்கேதான் சேரும். 2,00,000-இல் 96,000 போக மொத்த லாபம் 1,04,000. படிவத்தில் இது லைன் 16.

அடுத்து ஒப்பந்த விலை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இது பத்திரத்தில் எழுதிய விலை அல்ல. விற்றவர் கைக்கு உண்மையில் வந்து சேரப்போகும் தொகை. வாங்கியவர் ஏற்றுக்கொண்ட 40,000 கடன் இவர் கைக்கு வராது, வங்கிக்குத்தான் போகும். அதனால் 2,00,000 − 40,000 = 1,60,000. இது லைன் 18.

மூன்றாவது விகிதம்:

```
1,04,000 ÷ 1,60,000 = 0.65
```

65 சதவீதம், லைன் 19. வட்டி நீங்கலாகக் கைக்கு வரும் ஒவ்வொரு டாலரிலும் 65 சென்ட் லாபம், 35 சென்ட் போட்ட முதல் திரும்பி வருவது. கணக்கின் உயிர் இந்த ஒரு எண்தான். அடுத்த நான்கு வருடமும் இதே எண்தான் ஓடும்.

நான் முதன்முதலில் இப்படி ஒரு ஃபைல் செய்தபோது ஒப்பந்த விலைக்குப் பதில் விற்பனை விலையால் வகுத்துவிட்டேன். நம் எண்களில் சொன்னால் 1,04,000-ஐ 2,00,000-ஆல் வகுத்து 52 சதவீதம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். விற்ற விலையில் லாபம் எத்தனை சதவீதம் என்று பள்ளியிலிருந்தே கணக்குப் போட்டுப் பழகியிருக்கிறோமே. ஆனால் வசூலாகப்போவது 1,60,000 மட்டும். அதில் 52 சதவீதம் 83,200. மீதி 20,800 டாலர் லாபம் எந்த ஆண்டிலும் வரிக்கு வராமல் மாயமாகிவிடும். ரிவ்யூ செய்த மேலாளர் ஒரே ஒரு பெருக்கலில் பிடித்துவிட்டார்: விகிதத்தை மொத்த வசூலால் பெருக்கினால் மொத்த லாபம் வர வேண்டும், வரவில்லையென்றால் வகுத்தது தப்பு. இன்றுவரை விகிதம் போட்டவுடன் அந்தப் பெருக்கலைச் செய்யாமல் நான் அடுத்த லைனுக்குப் போவதில்லை.

இதில் இன்னொரு கேள்வி எழும். கடன் 40,000-ஐ விலையிலிருந்து கழித்துவிட்டோமே, அதற்குரிய லாபம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அந்த 40,000 முழுவதும் அடக்கத்தை மீட்டுக் கொடுத்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. 96,000-இல் 40,000 போனால் இன்னும் மீட்க வேண்டிய முதல் 56,000. கைக்கு வரும் 1,60,000-இல் 35 சதவீதம் சரியாக 56,000 வருகிறதா, பாருங்கள். அதனால்தான் ஒவ்வொரு ரொக்க டாலரிலும் லாபத்தின் பங்கு 52-லிருந்து 65-ஆக ஏறுகிறது.

ஆண்டுதோறும் செய்ய வேண்டியது

2022-இல் வந்தது முன்பணம் 40,000. அதில் 65 சதவீதம் 26,000. இதுதான் அந்த ஆண்டின் லாபம். லைன் 24-இல் வந்து, நீண்டகால மூலதன ஆதாயமாக ஷெட்யூல் டி-க்குப் போகும். 2023-இல் அசல் 30,000 வந்தது, லாபம் 19,500. 2024, 2025, 2026 மூன்றிலும் அதே 19,500. கூட்டிப் பாருங்கள்: 26,000-உம் நான்கு 19,500-உம் சேர்ந்து 1,04,000.

ஆதாயம் எந்த ஆண்டில் காட்டப்படுகிறதோ அந்த ஆண்டின் வரி விகிதம்தான் அதற்குப் பொருந்தும், விற்ற ஆண்டின் விகிதம் அல்ல. வாடிக்கையாளர் கேட்டால் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 2022-இல் என்ன விகிதம் இருந்ததோ அதுவே கடைசி வரை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எக்செல் ஷீட்டில் நான் எப்போதும் ஒரு கூடுதல் பத்தி வைப்பேன்: ஆண்டு முடிவில் வர வேண்டிய அசல், அதன் பக்கத்தில் இன்னும் காட்டாத லாபம். 2023 முடிவில் வர வேண்டியது 90,000. அதில் 65 சதவீதம் 58,500. மறுபக்கம், மொத்த லாபம் 1,04,000-இல் காட்டிய 26,000-உம் 19,500-உம் போனாலும் 58,500. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபைல் நலம். ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: யாரோ வட்டியை வசூலோடு சேர்த்திருக்கிறார்கள்.

வட்டியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், புதியவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான். வாடிக்கையாளர் அனுப்பும் வங்கி அறிக்கையில் 2023 டிசம்பர் 30 அன்று 37,200 வரவு இருக்கும். அதில் 30,000 அசல், 7,200 வட்டி (1,20,000-க்கு 6 சதவீதம்). லைன் 21-இல் 30,000 மட்டும் போக வேண்டும். 7,200 வட்டி வருமானமாக ஷெட்யூல் பி-க்குப் போகும். அது முழுவதும் வரிக்குரியது, 65 சதவீதம் கிடையாது. அடுத்த ஆண்டு அசல் குறைவதால் வட்டி 5,400. அதனால் வங்கி வரவும் 35,400 ஆகக் குறையும். ஆண்டுக்கு ஆண்டு வரவு மாறும்போது "தவணை மாறிவிட்டதோ" என்று குழம்பாமல் இருக்க, ஒப்பந்தத்தை வாங்கித் திருப்பிச் செலுத்தும் அட்டவணையை முதல் ஆண்டிலேயே போட்டு ஃபைலில் வைத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் வட்டியே எழுதாமல் விட்டிருந்தால்? அல்லது ஒப்புக்கு 1 சதவீதம் போட்டிருந்தால்? சொந்தக்காரர்களுக்குள் நடக்கும் விற்பனையில் இது சகஜம். ஐஆர்எஸ் மாதாமாதம் வெளியிடும் குறைந்தபட்ச வட்டி விகிதத்துக்குக் கீழே இருந்தால், தவணையின் ஒரு பகுதியை வட்டி என்றே பிரித்து எடுத்துவிட வேண்டும். அப்போது விற்பனை விலையே குறையும், லாபம் குறையும், விகிதமும் மாறும். ஆகவே விகிதம் போடுவதற்கு முன்பே வட்டி விகிதத்தைச் சரிபார்த்துவிடுங்கள். போட்ட பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

கடன் அடக்கத்தைவிட அதிகமாக இருந்தால்

அடமானம் 40,000-க்குப் பதில் 1,06,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்க வேண்டிய முதல் (விற்பனைச் செலவும் சேர்த்து) 96,000தான். கடன் அதைவிட 10,000 அதிகம். முதலை முழுக்க மீட்டுக் கொடுத்த பிறகும் இருக்கும் அந்த 10,000 லாபம்தான், ஆனால் ரொக்கமாக வராது. சட்டம் அதை விற்ற ஆண்டிலேயே கைக்கு வந்த பணமாகக் கருதுகிறது. ஒப்பந்த விலையிலும் அதைக் கூட்ட வேண்டும்: 94,000 + 10,000 = 1,04,000. மொத்த லாபமும் 1,04,000 என்பதால் விகிதம் 100 சதவீதம். இந்த நிலையில் வரும் ஒவ்வொரு டாலரும் முழு லாபம். விகிதம் எப்போதாவது 100-ஐத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள், இந்த 10,000-ஐக் கூட்ட மறந்திருப்பீர்கள்.

நடுவில் ஏதாவது மாறினால்

வாங்கியவர் அவசரமாக அதிகம் கட்டினால் எதுவும் மாறாது. 2024-இல் 30,000-க்குப் பதில் 45,000 அசல் வந்தால் அதில் 65 சதவீதத்தைக் காட்டுங்கள், அவ்வளவுதான்.

விலை குறைந்தால் கதை வேறு. 2024 தொடக்கத்தில் மனை எல்லையில் தகராறு வந்து, இரு தரப்பும் பேசி விலையில் 20,000 தள்ளுபடி செய்துகொண்டார்கள் என்று வைப்போம். புதிய மொத்த லாபம் 84,000. அதில் ஏற்கெனவே காட்டியது 45,500. மீதி 38,500. வர வேண்டிய அசல் இப்போது 70,000. 38,500-ஐ 70,000-ஆல் வகுத்தால் 55 சதவீதம். இனி அந்த விகிதம் ஓடும். முந்தைய ஆண்டுகளின் படிவங்களைத் திருத்த வேண்டியதில்லை. "விகிதம் என்றைக்கும் மாறாது" என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இடத்தில் 65-ஐயே தொடர்ந்து போட்டு, வாடிக்கையாளருக்கு வராத லாபத்துக்கும் வரி கட்ட வைத்துவிடுவார்கள்.

அடுத்தது, வாடிக்கையாளர் சொல்ல மறக்கும் விஷயம்: புரோநோட்டை என்ன செய்தார்? மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டால் ஒத்திவைப்பு அங்கேயே முடிந்தது. மீதி லாபத்தின் கணக்கை அந்த ஆண்டிலேயே தீர்க்க வேண்டும். விற்கவில்லை, வங்கியில் ஈடாக வைத்துக் கடன்தான் வாங்கினேன் என்பார். நம் விற்பனை போல விலை 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால், பொதுவாக அந்தக் கடன் பணத்தையே தவணை வசூலாகக் கருதி லாபம் காட்ட வேண்டும். அவருக்கு அது கடன், சட்டத்துக்கு அது வரவு. இதை ஆண்டுதோறும் கேள்விப் பட்டியலில் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். வங்கி அறிக்கையைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

வாங்கியவர் கட்டாமல் போய், மனையைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அதற்கு 1038-ஆவது பிரிவின் கீழ் தனிக் கணக்கு இருக்கிறது. அதைச் சீனியரிடம் கொடுத்துவிடுவது நல்லது. நீங்கள் தவிர்க்க வேண்டியது ஒன்றுதான்: மீதி வர வேண்டிய தொகையை வாராக்கடன் என்று கழித்துவிடாதீர்கள். நிலம் கைக்குத் திரும்பியிருக்கிறது, கழிக்க அங்கே நஷ்டம் இல்லை.

வேண்டாம் என்று விலகுவது

சில வாடிக்கையாளருக்கு ஒத்திவைப்பே பாதகம். முந்தைய ஆண்டுகளின் மூலதன நஷ்டம் நிறையச் சேர்ந்திருக்கும், அல்லது அந்த ஆண்டு வேலை இல்லாமல் வருமானம் குறைந்திருக்கும். முழு லாபத்தையும் அப்போதே காட்டினால் வரி குறைவு. அப்படி விலக, விற்ற ஆண்டின் படிவத்தை உரிய காலத்தில் (நீட்டிப்பும் சேர்த்து) முழு லாபத்தோடு தாக்கல் செய்தால் போதும். அந்தத் தேதி போய்விட்டால் மனம் மாறுவது கடினம். ஆகவே விற்ற ஆண்டிலேயே இரண்டு வழியிலும் வரி போட்டுப் பார்த்து மேலாளரிடம் காட்டுங்கள்.

நம்மவர்கள் ஃபைலில் இது இன்னொரு வடிவில் வரும். அமெரிக்காவில் குடியிருக்கும் ஒருவர் மதுரைப் பக்கம் உள்ள மனையைத் தவணையில் விற்கிறார். இந்தியா அந்த ஆண்டிலேயே முழு ஆதாயத்துக்கும் வரி வாங்கிவிடும். அமெரிக்கப் படிவத்திலோ அந்த ஆதாயம் நான்கைந்து ஆண்டுகளில் துண்டு துண்டாக வரும். இந்தியாவில் கட்டிய வரிக்கு அமெரிக்காவில் சலுகை உண்டு என்றாலும், ஒவ்வொரு ஆண்டும் அந்த ஆண்டு காட்டும் வெளிநாட்டு வருமானத்தின் அளவுக்குத்தான் அதைப் பயன்படுத்த முடியும். முதல் ஆண்டில் பயன்படாமல் மிஞ்சும் சலுகையை ஓராண்டு பின்னுக்கும் பத்தாண்டு முன்னுக்கும் கொண்டுபோகலாம். அப்படிக் கொண்டுபோனால் பின்னால் வரும் தவணைகளின் வரியில் கழிந்துவிடும். ஆனால் அடுத்த ஆண்டு ஃபைல் வேறு ஒருவர் கைக்குப் போகும். புதிய இந்திய வரி ரசீது எதுவும் அதில் இருக்காது. சலுகைக்கான ஃபார்ம் 1116-ஐ அவர் திறக்கவே மாட்டார். வாடிக்கையாளர் ஒரே லாபத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்டிவிடுவார். அதனால் இப்படி ஒரு ஃபைலை முடிக்கும்போது ஃபார்ம் 6252 ஷீட்டின் கடைசி ஆண்டு வரை, ஒவ்வொரு ஆண்டின் பக்கத்திலும் மிச்சச் சலுகை எவ்வளவு என்று ஒரு பத்தி சேர்த்து எழுதி வைத்துவிட்டு மூடுங்கள்.